பெட்டிச் செய்திக்குள் தேதி போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோத்தகிரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். படிவம் நிரப்பித் தருவதும் உண்டு. போன இதழில் மகளிர் உரிமைத் தொகை பற்றி ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். நல்ல விஷயம்தான், ஆனால் அதைப் படித்ததும் எனக்குப் பழைய பயம் திரும்ப வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் பேப்பரை யாரும் முழுசாக எடுத்து வைப்பதில்லை. வேண்டிய பெட்டியை மட்டும் பிளேடால் அறுத்து, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் இருக்கும் பிளாஸ்டிக் கவரில் செருகிவிடுவார்கள். பேப்பரின் தேதி பக்கத்தின் உச்சியில் இருக்கிறது, பெட்டி கீழே எங்கேயோ இருக்கிறது. அறுத்ததும் தேதி போய்விடும். அப்புறம் அந்தத் துண்டு எத்தனை வருஷம் ஆனாலும் நேற்று வந்த செய்தி மாதிரியேதான் இருக்கும், மஞ்சளாகிப் போனால்தான் பழசு என்று தெரியும்.

போன ஆகஸ்டில், அதாவது 2025 ஆகஸ்டில், கொழுந்து பறிக்கப் போகிற ஒரு அக்கா மாமியாரின் ஆதாரை நகல் எடுக்க வந்தார். கவரை உதறினபோது அப்படியொரு மஞ்சள் துண்டு கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். "மாதம் ரூ.1,000 யாருக்குக் கிடைக்காது?" என்று தலைப்பு. அதில் ஒரு வரி: உதவித்தொகை பெறும் குடும்பங்கள் விண்ணப்பிக்க முடியாது. அந்த வரிக்குக் கீழே பேனாவால் கோடு வேறு போட்டிருந்தது.

"இதை ஏன் அக்கா வெச்சிருக்கீங்க?"

"எங்க அத்தைக்கு ஓஏபி வருதில்லண்ணா. அதான் எங்களுக்கு இல்லன்னு பேப்பர்லயே போட்டிருக்கான். யாராச்சும் நீ ஏன் எழுதிப் போடலன்னு கேட்டா காட்டறதுக்கு."

இரண்டு வருஷமாக அந்தத் துண்டைக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். பேப்பர் பொய் சொல்லவில்லை, அது அச்சான அன்றைக்கு விதி கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. கோளாறு இரண்டு இடத்தில். ஒன்று தேதி, இன்னொன்று 'உதவித்தொகை' என்ற சொல்.

முதலில் தேதி. இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பம் வாங்கும் முகாம்கள் 2023 ஜூலை 24-ல் ஆரம்பித்து ஆகஸ்ட் நடுவரை இரண்டு கட்டமாக நடந்தன. ஆரம்பத்தில் வெளியான விதியில், முதியோர் ஓய்வூதியம், விதவை ஓய்வூதியம், அமைப்புசாரா தொழிலாளர் நலவாரிய ஓய்வூதியம் இவற்றைப் "பெறும் குடும்பங்கள்" தகுதியில்லாதவை என்று இருந்தது. குடும்பம் என்றால் ஒரே ரேஷன் கார்டில் உள்ள எல்லோரும். மாமியாருக்கு ஓய்வூதியம் வந்தால் மருமகளுக்கும் கதவு மூடியாச்சு. முகாம் முடிவதற்குள்ளேயே இதைத் தளர்த்தினார்கள்: முதியோர் ஓய்வூதியமோ நலவாரிய ஓய்வூதியமோ வாங்கும் வீட்டில், அந்த ஓய்வூதியத்தை வாங்காத வேறொரு தகுதியுள்ள பெண் இருந்தால் அவர் விண்ணப்பிக்கலாம். அவர்களுக்காகவே ஆகஸ்ட் 18, 19, 20 மூன்று நாளும் சிறப்பு முகாம் வைத்தார்கள். ஆக, விதியில் மாறியது ஒரே ஒரு இடம்தான். 'குடும்பம்' என்று இருந்தது 'ஆள்' என்று ஆனது. அக்கா அறுத்து வைத்த துண்டு அந்த மாற்றத்துக்கு முன்னால் வந்தது. அதற்குள் "இந்த விதி ஜூலை நிலவரம்" என்று நான்கு சொல் இருந்திருந்தால் யாராவது ஒருவர், நானேகூட, அன்றைக்கே சொல்லியிருப்போம். அவர் துண்டை எல்லோரிடமும் காட்டினார், பார்த்தவர்களும் தலையாட்டினார்கள்.

இப்போது சொல். முதியோருக்கு வருவதையும் பேப்பர்காரர்கள் உதவித்தொகை என்கிறீர்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு வருவதும் உதவித்தொகை, மாற்றுத்திறனாளிகளுக்கு வரும் பராமரிப்புத் தொகையும் உதவித்தொகை, சில நாள் இந்த ஆயிரம் ரூபாயே "மகளிர் உதவித்தொகை" என்று வருகிறது. எழுதுகிறவருக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் விதியில் தடுத்திருந்தது ஓய்வூதியத்தை மட்டும்தான். மகனுக்குக் கல்வி உதவித்தொகை வருகிறது, அதனால் எனக்கு வராதாமே என்று என் கடையில் கேட்ட தாய்மார்கள் உண்டு. அதைவிட மோசம் இன்னொன்று. கடும் குறைபாடு உள்ள பிள்ளைக்குப் பராமரிப்பு உதவித்தொகை வாங்குகிற குடும்பம், வேறு தடை எதிலும் வராவிட்டால் விண்ணப்பிக்கலாம் என்று விதியே தனியாகச் சொல்லியிருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் "உதவித்தொகை பெறுவோர் தகுதியில்லை" என்று படித்தால் என்ன ஆவார்கள்? ஆணையில் ஓய்வூதியம் என்று இருந்தால் ஓய்வூதியம் என்றே போடுங்கள். மறுதடவை வரும்போதும் அதே சொல். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டால் நடை கெட்டுவிடும் என்று உங்கள் உதவி ஆசிரியர் நினைக்கலாம், கெடட்டும்.

சரி, அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்குக் கடையிலேயே உட்கார வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ரேஷன் கார்டில் நான்கு பேர். குடும்பத் தலைவர் என்று இருப்பது அவர் கணவர். கார்டில் தலைவர் ஆணாக இருந்தால் அவர் மனைவிதான் திட்டத்தின்படி குடும்பத் தலைவி, கார்டில் பெயரை மாற்றத் தேவையில்லை. (இதற்காகவே கார்டில் தலைவர் பெயரை மாற்ற அலைந்தவர்கள் எத்தனையோ பேர்.) ஓய்வூதியம் மாமியாருக்கு, விண்ணப்பம் மருமகளுக்கு, ஆகவே அது இடிக்கவில்லை. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், அதுவும் சரி. மாமனார் விட்டுப்போன தேயிலை ஒன்றேகால் ஏக்கர், சிட்டாவில் புஞ்சை என்று இருக்கிறது. புஞ்சை பத்து ஏக்கர் வரை, நஞ்சை ஐந்து ஏக்கர் வரை இருக்கலாம். தேயிலைத் தோட்டம் இருந்தாலே வராது என்று இங்கே ஒரு பேச்சு உண்டு, விதியில் அப்படி எதுவும் இல்லை.

மாட்டிக்கொண்டது கரண்ட் பில்லில். "3600 யூனிட்டுக்கு மேல போனா இல்லையாமே, போன மழையில எங்களுக்கு 700 வந்துச்சே" என்று பதறினார். 3600 என்பது ஒரு வருஷத்துக்கு. நமக்குப் பில் வருவது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, ஆகவே ஆறு பில்லையும் கூட்ட வேண்டும். கூட்டினோம்: 540, 480, 620, 700, 510, 460. மொத்தம் 3310. மலையில் ஜூன், ஜூலை மழைக்குத் தண்ணீர் சுட வைக்க ஹீட்டர் போட்டே ஆகணும், அந்த ஒரு பில் மட்டும் எகிறும். அதை மட்டும் பார்த்துவிட்டுப் பயந்தவர்கள் நிறைய. நீங்கள் "ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குள், அதாவது ஆறு பில்லின் கூட்டல்" என்று எழுதினால் அரை வரிதான் கூடும்.

வயதும் அப்படித்தான். "21 வயது நிரம்பியவர்" என்று போட்டீர்கள். எந்தத் தேதியில் நிரம்பணும்? 2023-ல் அரசு அதைத் தெளிவாகச் சொன்னது: 2002 செப்டம்பர் 15-க்கு முன் பிறந்தவர். பிறந்த தேதியைச் சொன்னால் ஆதாரைப் பார்த்து யாரும் முடிவுபண்ணிக்கொள்ளலாம், கணக்குப் போட வேண்டியதில்லை.

அப்போது "உங்களுடன் ஸ்டாலின்" முகாம்கள் நடந்துகொண்டிருந்தன, 2025 ஜூலை 15-ல் ஆரம்பித்தவை, அங்கே இந்தத் திட்டத்துக்கும் புது விண்ணப்பம் வாங்கினார்கள். விதியும் அந்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் இளகியிருந்தது. உதாரணத்துக்கு, நான்கு சக்கர வண்டி இருந்தால் கிடையாது என்பது பழைய விதி, அரசு மானியத்தில் வாங்கிய வண்டி என்றால் பரவாயில்லை என்று தளர்த்தினார்கள். பழைய துண்டை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிக்கப் வண்டிக்காரர்கள் வீடு இங்கே இன்னும் எத்தனையோ, யார் கண்டது. அக்கா முகாமுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். 2025 டிசம்பர் 12-ல் இரண்டாம் கட்டம் தொடங்கியபோது அவருக்கும் ஆயிரம் ரூபாய் ஏறியது. மெசேஜைக் காட்டத்தான் கடைக்கு வந்தார்.

கணக்கை நான் அவரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். திட்டம் தொடங்கியது 2023 செப்டம்பர் 15. அந்த மாதத்திலிருந்து 2025 நவம்பர் வரை 27 மாதம். 27,000 ரூபாய். பழைய மாதங்களுக்குச் சேர்த்து எதுவும் வரவில்லை. பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை என்று அவர் வீட்டில் கடன் வாங்கியதும் அந்த நாட்களில்தான்.

விண்ணப்பித்து, இல்லை என்று மெசேஜ் வந்தவர்களுக்காவது ஒரு வழி இருந்தது. மெசேஜ் கிடைத்த 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம். எங்கள் பக்கத்துக்கு அது குன்னூர் கோட்டாட்சியர். விண்ணப்பிக்கவே செய்யாதவர் எதை வைத்து மேல்முறையீடு செய்வது? அதனால்தான் "யாருக்குக் கிடைக்காது" என்ற வரியை எழுதும்போது கூடுதல் கவனம் வேண்டும் என்கிறேன். கிடைக்கும் என்று தப்பாக எழுதினால் ஒரு நாள் கூலி போகும், முகாமில் திருப்பி அனுப்புவார்கள். கிடைக்காது என்று தப்பாக எழுதினால் ஆள் முகாமுக்கே வரமாட்டார்.

போன இதழின் உங்கள் பெட்டியில் தேதி இல்லை. விதி எந்த ஆண்டினுடையது என்று இல்லை. "உதவித்தொகை பெறுவோர் தவிர" என்று இருக்கிறது. அடுத்த தடவை பெட்டியை இப்படிப் போட்டுப் பாருங்கள், நானே எழுதித் தருகிறேன்: "கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம். ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு பெண், மாதம் ரூ.1,000. முதியோர் ஓய்வூதியம் வாங்குபவர் வீட்டில் இருந்தாலும், அதை வாங்காத தகுதியுள்ள பெண் விண்ணப்பிக்கலாம். இது இந்தத் தேதியில் சரிபார்த்தது." கடைசி வரியில் தேதியை எண்ணில் போடுங்கள். பெட்டியின் கோட்டுக்கு உள்ளே போடுங்கள், வெளியே போட்டால் பிளேடு தின்றுவிடும்.

உங்கள் போன இதழ்ப் பெட்டியை இதுவரை மூன்று பேர் நகல் எடுக்கக் கொண்டுவந்தார்கள். மூன்றிலும் ஓரத்தில் தேதியையும், 'உதவித்தொகை' என்பதை அடித்துவிட்டு 'ஓய்வூதியம்' என்றும், பேனாவால் எழுதித்தான் கொடுத்தேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்
கோத்தகிரி, 2026 ஜனவரி