காம்பைக் கிள்ளச் சொன்ன உங்கள் துண்டுச் சீட்டும் என் ஆறு பட்டர் ஃப்ரூட்டும்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது நான் உங்களுக்கு அனுப்பும் ஐந்தாவது கடிதம். முதல் நான்குக்கும் ஒரே பதில்தான் வந்தது: 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்.' வருந்துகிறவர்கள் யாராவது ஒருவர் கடிதத்தைப் படித்தும் பார்த்திருந்தால் இதை எழுத வேண்டி இருந்திருக்காது.

போன சனிக்கிழமை உங்கள் செயலியில் 'உண்ணத் தயார் ஹாஸ் அவகாடோ, ஆறு' என்று போட்டிருந்ததை 1,194 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அம்மாவுக்கு 78 வயது. பல்லெல்லாம் எடுத்துவிட்டு பல்செட்டுக்கு அளவு கொடுத்துக் காத்திருக்கிறார். கஞ்சியும் இட்லியும் அலுத்துப் போய், 'பட்டர் ஃப்ரூட் கிடைச்சா மசிச்சுக் குடுடா' என்றார். எங்கள் பெரியப்பாவுக்குத் தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டம். காபிக்கு நிழலாக நிற்கும் மரங்களில் நாலைந்து பட்டர் ஃப்ரூட் மரம்தான். ஆனால் அங்கே காய் இறங்க ஆடி, ஆவணி ஆகும். மே மாதத்தில் எங்கே போவது? அதனால்தான் உங்களிடம் வந்தேன். வந்த புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பெட்டிக்குள் ஒரு சீட்டு இருந்தது. பளபளவென்று அச்சடித்திருந்தீர்கள். அதை அப்படியே எழுதுகிறேன்: 'பழம் வந்தவுடன் காம்பைக் கிள்ளி எடுத்துப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் பழுத்துவிட்டது. பழுத்தால் தோல் கருப்பாகும்.' விற்கிறவருக்குத் தன் சரக்கைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று நம்புவது தப்பா சார்? நம்பினேன். கையில் எடுத்தால் கல் மாதிரி இருந்தது, இருந்தாலும் சீட்டில் சொல்லியிருக்கிறதே என்று ஐந்து பழத்துக்கும் காம்பைப் பிடுங்கினேன். விரலுக்கு வரவில்லை. கத்தி முனையால் நெம்பித்தான் எடுத்தேன். ஆறாவதை மட்டும் அம்மா முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். 'காம்பைப் பிடுங்காதடா, அழுகிப் போகும்' என்றார். நான்தான், 'அம்மா, கம்பெனிக்காரன் எழுதியிருக்கான்' என்று அவரை அடக்கினேன்.

காம்பு இருந்த குழியில் ஐந்துக்கும் இளம்பச்சை நிறம். சரி, உங்கள் கணக்குப்படி பழம். ஒன்றை அறுத்தேன். கத்தி பாதியில் மாட்டிக்கொண்டது. சதை ரப்பர் மாதிரி, தோலை உரிக்கவே முடியவில்லை, நாக்கில் வைத்தால் கசப்பு. கொட்டையைச் சுற்றியிருந்த தோலைப் பார்த்ததும்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. முற்றிய காயில் அது காகிதம் மாதிரி மெல்லிசாய், பழுப்பாய் இருக்கும். இதில் வெள்ளையாய், தடியாய், சதையோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. அதாவது முற்றுவதற்கு முன்பே பறித்த பிஞ்சு. அது எந்த அரிசிப் பானைக்குள் போட்டாலும் பழுக்காது, வதங்கிச் சுருங்கத்தான் செய்யும். இந்தப் பழம் மரத்தில் பழுப்பதில்லை. மரத்தில் முற்றும், பறித்த பிறகுதான் பழுக்கும். முற்றாததைப் பறித்தால் அதோடு கதை முடிந்தது. இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியிருக்கிறதே!

அன்றைக்கே கூப்பிட்டேன். முதலில் பேசிய பையன் மரியாதையாகத்தான் பேசினான், 'மீதியை ரெண்டு நாள் வெளியில வைங்க சார்' என்றான். வைத்தேன். திங்கட்கிழமை ஃபோட்டோ கேட்டார்கள், அனுப்பினேன். அதற்கு வந்த பதில்: 'தோல் இன்னும் கருப்பாகவில்லை, காத்திருக்கவும்.' நான் ஃபோட்டோ எடுத்து அனுப்பிய பழம் ஹாஸே கிடையாது! ஆறில் இரண்டு வழவழவென்று, பெரிசாய், வெளிறிய பச்சைத் தோலோடு இருந்தன. ஹாஸ் என்றால் தோல் சொரசொரவென்று இருக்கும், பழுக்கப் பழுக்கக் கருநீலமாகிக் கருக்கும். இந்தப் பச்சைத் தோல் ரகம் பழுத்தாலும் பச்சையாகத்தான் இருக்கும். அது கருப்பாகும் வரை காத்திருந்தால் குப்பைக்குத்தான் போகும்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமை ஃபோனுக்கு வருகிறேன். அன்று பேசியவர் பெயர் என்னவோ சொன்னார், அதை இங்கே எழுத விரும்பவில்லை, பதிவை நீங்களே போட்டுக் கேளுங்கள், காலை 11.20. நான் நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள், 'சார், உங்களுக்கு அவகாடோ சாப்பிடத் தெரியலன்னா எதுக்கு சார் வாங்குறீங்க?' என்றார். எனக்கா தெரியாது? டவுசர் போட்ட காலத்தில் பெரியப்பா தோட்டத்தில் இந்த மரத்தடியில் விழுந்து கிடந்ததை எடுத்துச் சர்க்கரை போட்டுத் தின்றவன் நான். அப்புறம் அவரே அறிவுரையும் சொன்னார்: 'கட்டைவிரலால தினமும் நல்லா அழுத்திப் பாருங்க சார், அமுங்கினா பழம்.' அழுத்தினேன், ஏனென்றால் பணம் திரும்பக் கேட்க 'நீங்கள் சொன்னதெல்லாம் செய்தேன்' என்று காட்ட வேண்டுமே. விரல் நுனியால் அழுத்தினால் அந்த இடம் உள்ளே கன்றிப் போகும். மேலே ஒன்றும் தெரியாது, மறுநாள் வெட்டினால் பழுப்புத் திட்டு. பச்சைத் தோல் பழத்தில் என் கட்டைவிரல் விழுந்த இடமெல்லாம் அப்படியே இருந்தது.

புதன்கிழமை நான்கையும் வெட்டினேன். இரண்டு ஹாஸ் பழமும் கீழ்ப்பாகம் மெத்தென்று நன்றாகத்தான் இருந்தன. ஆனால் காம்புக் குழியிலிருந்து ஒரு அங்குலத்துக்குக் கருத்து, அங்கிருந்து நார் நாராய்ப் பழுப்புக் கோடு உள்ளே இறங்கியிருந்தது, புளித்த வாடை. பச்சைத் தோல் பழத்தில் ஒன்று காம்புப் பக்கம் முழுக்கச் சொதசொதவென்று அழுகல், இன்னொன்று நான் சொன்ன கட்டைவிரல் காயம். மதுரை வெயிலில் திறந்த காயத்தோடு நாலு நாள் வைத்தால் பூஞ்சை புகாமல் என்ன செய்யும்? அந்தக் காம்புத் துண்டுதான் மூடி. அதைப் பிடுங்கச் சொன்னது உங்கள் சீட்டு.

அம்மா எடுத்துப் போன ஆறாவது பழத்தைக் கேளுங்கள். அதே பெட்டி, அதே ஹாஸ். பழைய தினத்தாளில் ஒரு பழுத்த மலைவாழைப்பழத்தோடு சேர்த்துச் சுற்றி அரிசி டின்னில் வைத்திருக்கிறார். வாழைப்பழம் விடும் வாயு இதையும் பழுக்க வைக்கும். தினம் ஒரு தடவை எடுத்து உள்ளங்கையில் வைத்து, ஐந்து விரலும் சேர்த்து, காம்புப் பக்கத்துத் தோள்பட்டையில் மெதுவாகப் பிடித்துப் பார்ப்பார். முதல் மூன்று நாள் அசையவில்லை. நாலாம் நாள் பழுக்கப் போகிற கொய்யா மாதிரி லேசாய் இடம் கொடுத்தது. ஐந்தாம் நாள், புதன் ராத்திரி, பிடித்தால் அமுங்கி, விட்டால் குழி நிற்காமல் திரும்பியது. காம்பைப் பிடுங்கவே இல்லை, ஓரத்தில் விரல் பட்டதும் தானாகக் கழன்று கையில் வந்தது. குழியில் மஞ்சள் கலந்த பச்சை. வெட்டினால் ஒரு கறுப்புப் புள்ளி இல்லை. கொட்டை கையில் உருண்டு வந்தது. அம்மா கரண்டியால் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அந்தப் பார்வைக்கும் சேர்த்து நீங்கள்தான் ஈடு கட்ட வேண்டும்.

உங்கள் சீட்டில் எங்கே தப்பு என்று புரிகிறதா? குழி பச்சையாக இருந்தால் அங்கே இன்னும் கெட்டுப்போகவில்லை என்றுதான் அர்த்தம், பழுத்துவிட்டது என்று அர்த்தமில்லை. கல்லுக் காயிலும் அது பச்சைதான். பழுத்ததைச் சொல்வது நிறம் இல்லை, காம்பு எவ்வளவு சுலபமாகக் கழல்கிறது என்பது. அதையும் கை அழுத்தத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், கடைசியாகப் பார்க்க வேண்டும். முதல் நாளே பிடுங்கிவிட்டால் குழி காய்ந்து தானாகவே பழுப்பாகிவிடும், அப்புறம் அந்த நிறத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது.

வியாழக்கிழமை கதையை மறந்தே போனேன், கோபத்தில் முன்பின்னாக எழுதுகிறேன், மன்னிக்கவும். பழத்தை நேரில் காட்டினால் பணம் தருவதாகச் சொன்னதால், அரை நாள் லீவு போட்டு, அழுகல் வாடை வீசும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு, அரசரடியிலிருந்து ரிங் ரோட்டில் இருக்கும் உங்கள் கிடங்குக்குப் போனேன். உச்சி வெயில். வாசலில் இருந்தவர், 'இங்க ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் சார், டெலிவரி பையன்தான் வந்து எடுக்கணும்' என்றார். டெலிவரி பையனைக் கூப்பிட்டால், '24 மணி நேரம் தாண்டிடுச்சு சார், சிஸ்டம்ல வராது' என்கிறான். நாலைந்து நாள் வைத்தால்தான் பழுக்கும் பொருளுக்கு 24 மணி நேரக் கெடு! உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குள் எப்படித் தெரியும், ஸ்கேன் எடுத்துப் பார்க்கவா? கடைசியில் பெரிய மனது பண்ணி 50 ரூபாய் கூப்பன் அனுப்பினீர்கள், அடுத்த ஆர்டர் 999 ரூபாய்க்கு மேல் இருந்தால் செல்லும் என்று.

1,194 ரூபாய், அரை நாள் சம்பளம், பெட்ரோல், அம்மாவின் ஐந்து நாள் பசி, என் ரத்த அழுத்தம், எல்லாம் சேர்த்தால் பத்தாயிரத்துக்குக் குறையாது. ஆனால் நான் அவ்வளவு கேட்கவில்லை. தயவுசெய்து மூன்று காரியம் செய்யுங்கள். ஐந்து பழத்துக்கான 995 ரூபாயைத் திருப்பித் தாருங்கள், ஆறாவது நல்ல பழம், அதற்குப் பணம் கேட்க எனக்கு மனசாட்சி இடம் தராது. அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு அச்சடியுங்கள், எழுதத் தெரியவில்லை என்றால் அம்மா சொல்வார், நான் எழுதித் தருகிறேன். செவ்வாய்க்கிழமை பேசியவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஏழு நாள் பார்ப்பேன். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஃபோன் போடுவேன், அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்கு. இந்தத் தொகைக்குக் கட்டணம் கூடக் கிடையாது என்று விசாரித்து வைத்திருக்கிறேன். வெட்டிய பழங்களின் படம், பிஞ்சுக் கொட்டையின் படம், உங்கள் சீட்டின் படம் எல்லாம் இணைத்திருக்கிறேன். அழுகின பழங்களை ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன், சாட்சிக்கு வேண்டும். வீட்டில் ஐஸ்கிரீம் வைக்க இடமில்லை என்று அதற்கும் எனக்குத் திட்டு விழுகிறது, சீக்கிரம் ஆளை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர்,
அரசரடி, மதுரை