பின்கோடு சரி, ஊருக்கு வரமாட்டார்களாம்: ரிட்டர்ன் கட்டணம் பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: டெலிவரி முயற்சியே செய்யாமல் திருப்பி அனுப்பிய பார்சலுக்குக் கட்டணம் பிடித்தது

வணக்கம்.

நான் மதுரையில் சுங்குடிச் சேலை விற்கிறேன். வருசநாடு பக்கம் ஒரு மலையடிக் கிராமத்துக்கு இரண்டு சேலை அனுப்ப வேண்டியிருந்தது. பணம் முன்பே வந்துவிட்டது. உங்கள் கொரியர் தளத்தில் பின்கோடைப் போட்டேன், டெலிவரி உண்டு என்று பச்சையில் காட்டியது. அதை நம்பித்தான் புக் செய்தேன்.

பார்சல் தேனி ஹப்புக்கு ஒழுங்காகப் போனது. அப்புறம் அங்கேயே கிடந்தது. ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு மேல், 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்று ஸ்டேட்டஸ் விழுந்தது. அதற்கு முன் 'அவுட் ஃபார் டெலிவரி' என்ற பதிவே இல்லை. வண்டியில் ஏறாத பார்சலோடு யார் போய்க் கதவைத் தட்டியது? அந்த ஊருக்குக் கடைசி பஸ்ஸே அதற்கு முன் போய்விடும். சேலை வாங்கிய அம்மாவுக்கு உங்கள் ஆளிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை. கால் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்திருக்கிறேன். நான் ஹப்புக்குப் பேசியபோதுதான் உண்மை வந்தது: "அது எங்க ஏரியா இல்ல சார், கஸ்டமரைத் தேனிக்கு வந்து வாங்கிக்கச் சொல்லுங்க."

கோளாறு எங்கே என்று உங்களுக்கும் தெரியும். ஒரு பின்கோடு ஒரு ஊருக்கானது அல்ல. டெலிவரி செய்யும் ஓர் அஞ்சலகமும் அதன் கீழுள்ள கிளை அஞ்சலகங்களும் ஒரே எண்ணில்தான் வரும். கிளை அஞ்சலகத்துக்கு ஒரு தபால்காரர் இருப்பதால் அஞ்சல் துறைக்கு அது சரிப்படுகிறது. நீங்களோ பஜார் ஊரில் டெலிவரி இருந்தால் அந்த எண் முழுவதையும் பச்சையாக்கி விடுகிறீர்கள். மலைப்பக்கத்து ஊர்கள் உங்கள் ஹப்பின் கணக்கில் மட்டும் 'ஏரியாவுக்கு வெளியே'. புக் செய்கிற என் கண்ணில் அது படுவதில்லை.

சேலை திரும்பி வந்துவிட்டது. போகும் கட்டணத்தோடு ரிட்டர்ன் கட்டணத்தையும் என் வாலட்டில் பிடித்துவிட்டீர்கள். ஒரு சேலையில் நிற்கிற லாபமே அதில் போய்விட்டது. பிறகு வடக்கு வெளி வீதி தலைமை அஞ்சலகத்தில் ஸ்பீட் போஸ்ட்டில் போட்டேன். தபால்காரர் வீட்டிலேயே கொடுத்திருக்கிறார். இப்போதெல்லாம் ஆர்டர் வந்ததும் பின்கோடோடு, "உங்க ஊருக்கு எந்த கொரியர் வீடு வரைக்கும் வருது, உங்க தபால் ஆபீஸ் எது" என்றும் கேட்டுக்கொள்கிறேன். பஜார் ஊர் என்றால் கொரியர், உள்ளடங்கிய ஊர் என்றால் தபால்தான். உங்கள் பச்சை நிறத்தை நம்புவதில்லை.

இரண்டு கட்டணத்தையும் வாலட்டில் திருப்பி வரவு வையுங்கள். அந்த இரவுப் பதிவுக்கு டெலிவரி ஆளின் அழைப்பு விவரத்தைக் காட்டுங்கள். இல்லையென்றால், முயற்சி நடக்கவில்லை என்று எழுத்தில் கொடுங்கள். புக்கிங் பக்கத்தில் பின்கோடுக்குக் கீழே ஊர்ப் பெயரையும் கேட்டு, வராத ஊரை அங்கேயே சொல்லிவிடுங்கள். கூடுதல் கட்டணம் உண்டென்றால் அதையும் முன்கூட்டியே காட்டுங்கள், கட்டுவதா வேண்டாமா என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

டிராக்கிங் பக்கத்தின் நகலும் வாலட் கணக்கும் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
சுங்குடிச் சேலை விற்பனையாளர்,
மதுரை