வேளச்சேரிக்காரன் வண்டலூர் வண்டியில்

அன்புள்ள செல்விக்கு,

இங்கே எல்லோரும் நலம். மழை ஓய்ந்து கொசு ஆரம்பித்திருக்கிறது. உன் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே காலத்தை ஓட்டாதே, டாக்டரிடம் போ.

உன் பாப்பாவுக்குச் சிறுசேரியில் வேலை கிடைத்ததை நீ சொல்வதற்கு முன்பே ஜெயந்தி சொல்லிவிட்டாள். அந்தக் கோபத்தை நேரில் வைத்துக்கொள்கிறேன். “அந்தக் கம்பெனி பொம்பளைப் பிள்ளைக்குப் பாதுகாப்பானதா? நீதான் கமிட்டி கமிட்டியாகப் போய் உட்காருகிறாயே” என்று போனில் கேட்டாய். பேருந்தில் நின்றுகொண்டு அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? அதனால்தான் இந்தக் கடிதம். அண்ணாச்சிக்கும் படித்துக் காட்டு. “ராத்திரி வேலையென்றால் வேண்டவே வேண்டாம்” என்று அவர் சொல்வதும் சரியில்லை, “வெப்சைட்டில் முப்பது பக்கம் பாலிசி போட்டிருக்கிறார்கள்” என்று நீ நிம்மதி அடைவதும் சரியில்லை.

அந்த முப்பது பக்கத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே ஆலோசகர் எழுதி, கம்பெனி பெயரை மட்டும் மாற்றி மாற்றி விற்பார். ஒரு இடத்தில் நடுப்பக்கத்தில் வேறொரு கம்பெனியின் பெயர் அப்படியே கிடந்தது. கையெழுத்துப் போட்டவர் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை.

பாப்பா முதலில் விசாரிக்க வேண்டியது வண்டியை. இரவு வண்டிகளில் ஒரு வழக்கம் உண்டு: ஒரு பெண் முதலில் ஏறுபவராகவோ கடைசியில் இறங்குபவராகவோ இருக்கக்கூடாது. அப்படி அமைந்தால் கூடவே ஒரு காவலர், இவர்கள் பாஷையில் எஸ்கார்ட், வர வேண்டும். காகிதத்தில் எல்லாக் கம்பெனியிலும் இது இருக்கும். கோளாறு வழியில்தான் நடக்கிறது. கடைசியில் இறங்க வேண்டிய பையன், “அண்ணே, இங்கேயே நிறுத்துங்க, நண்பன் வீட்டில் தங்கிக்கிறேன்” என்று பாதியில் இறங்கிவிடுவான். எஸ்கார்டின் வீடு போகிற வழியில் இருக்கும், அவரும் இறங்கிவிடுவார். அப்புறம் டிரைவரும் அவளும் மட்டும். டிரிப் ஷீட்டில் மறுநாள் எல்லாம் சரியாகவே எழுதியிருக்கும்.

டிரைவர் மாறுவது இதைவிட மோசம். 2005 டிசம்பரில் பெங்களூரில் ஒரு கால் சென்டர் பெண்ணை அழைத்துப்போக வந்தவன் வழக்கமான டிரைவர் இல்லை, அவருக்குப் பதிலாக வந்ததாகச் சொன்னான். 2007இல் புணேயில் வந்தவன் சரியான டிரைவர்தான், ஆனால் தன் நண்பனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். இரண்டு பெண்களும் வேலைக்குக் கிளம்பியவர்கள், இரண்டு பேருமே கொல்லப்பட்டார்கள். வண்டி எண்ணும் டிரைவரின் படமும் முன்கூட்டியே செல்போனுக்கு வர வேண்டும், படத்தில் இல்லாத ஆள் வண்டியில் இருந்தால் ஏறக்கூடாது, ஏறாததற்காகச் சம்பளத்தில் கைவைக்கவும் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் அழுத்திக் கேட்கச் சொல். “ஏறாதே” என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு விடுப்பு போட்டுவிடுகிற இடங்கள் உண்டு.

இதையெல்லாம் ஹெச்.ஆரிடம் கேட்டால் “ஆமாம் மேடம், எல்லாம் இருக்கு” என்பார்கள். இரவு ஷிப்டில் இப்போது வேலை பார்க்கும் ஒரு பெண்ணைப் பிடித்துக் கேட்க வேண்டும். நேற்று கடைசியாக இறங்கியது யார், எஸ்கார்ட் வாசல்வரை வந்தாரா, வீடு சேர்ந்ததும் யார் கூப்பிட்டுக் கேட்டது என்று கேட்டாலே போதும். ‘இறங்கிவிட்டார்’ என்ற பட்டனை டிரைவரே அமுக்கிவிடுகிறார் என்று அவள் சொன்னால், அந்தக் கம்பெனியின் வண்டி ஏற்பாட்டைப் பற்றி வேறு எதுவும் கேட்கத் தேவையில்லை. இன்னொன்று, ரோஸ்டரில் இல்லாமல் வேலை நீண்டுபோகிற நாள். ஏழு மணிக்கு முடிய வேண்டியது பத்தரைக்கு முடியும், வண்டிப் பட்டியலில் அவள் பெயர் இருக்காது, “நீயே ஆட்டோ பிடித்துப் போ, பில்லைக் கொடு” என்பார்கள். 2014 பிப்ரவரியில் அதே சிறுசேரியில், இரவு வேலை முடித்து வெளியே வந்த பெண் கொல்லப்பட்டதை நீயும் நானும் பேப்பரில் படித்தோமே. அதனால் திட்டமிட்ட நைட் ஷிப்டைவிட, திட்டமில்லாமல் இருட்டிப்போகிற பகல் ஷிப்ட்தான் எனக்குப் பயம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று அண்ணாச்சி கேட்பார். 2019இல் தமிழ்நாட்டில் கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று அரசாணை போட்டபோதே நிபந்தனைகளும் போட்டார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் பெண்களைச் சாதாரணமாக வேலை வாங்கக்கூடாது. அவள் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் மட்டும் காலை ஆறு வரை வைத்துக்கொள்ளலாம், அதற்கும் தகுந்த பாதுகாப்பு தர வேண்டும். ஷிப்டில் வேலை பார்க்கும் பெண்களுக்கு வண்டி உண்டு என்பதை வாசலில் எழுதியும் வைக்க வேண்டும். அந்தச் சம்மதத்தாள், வேலையில் சேரும் நாளில் நீட்டுகிற காகிதக் கட்டில் எங்கோ நடுவில் இருக்கும். பிள்ளைகள் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடும். வண்டி வீட்டு வாசல்வரையா, மெயின் ரோடுவரையா என்று அதில் இருக்கிறதா என்று பாப்பா பார்க்கட்டும்.

வேலையிடத்தில் வருகிற பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கிற கமிட்டிக்கு வருகிறேன். நீ இன்னும் விசாகா கமிட்டி என்றுதான் சொல்கிறாய், பாதி ஊரும் அப்படித்தான். 1997 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் வந்த பெயர் ஒட்டிக்கொண்டது. 2013 சட்டத்துக்குப் பிறகு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற ஒவ்வோர் இடத்திலும் இது இருந்தாக வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். அந்த வெளி ஆள்தான் நான். விதிப்படி எனக்கு ஒரு நாளுக்கு 200 ரூபாய். ஓ.எம்.ஆரில் அதற்கு ஒரு பிரியாணி வாங்கிப் பார், அப்புறம் என்னைப் பணக்காரி என்று கேலி செய்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன், எந்தக் கம்பெனி என்று கேட்காதே. பெயரை வெளியிடக்கூடாது என்று சட்டமே என் வாயைக் கட்டியிருக்கிறது. ஊர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

ஒரு பெண், இரவு ஷிப்ட். அதிகாலையில் வேலை முடித்து, கேளம்பாக்கம் வழியாக வண்டலூர் பக்கம் போகிற வண்டியில் வருவாள். அவளுடைய டீம் லீட் அதே வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்காருவார். முதலில் பேச்சு, பிறகு தொடுகை, பிறகு வீடு போய்ச் சேர்ந்ததும் மெசேஜ்கள். அவள் மேனேஜரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னாள். அவர் கனிவாகக் கேட்டுக்கொண்டு, மறுநாளே அவளைப் பகல் ஷிப்டுக்கு மாற்றிவிட்டார். இரவுப் படி போயிற்று, டீமும் போயிற்று. டீம் லீட் அதே வண்டியில் அதே இருக்கையில் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தார். மேனேஜர் கெட்டவர் இல்லை செல்வி, நல்லது செய்ததாகத்தான் நினைத்தார். அதுதான் எனக்கு ஆத்திரம்! விசாரணை நடக்கும்போது இடமாற்றம் செய்யலாம், ஆனால் அவள் எழுதிக் கேட்க வேண்டும், கமிட்டி பரிந்துரைக்க வேண்டும். அவளைத்தான் மாற்ற வேண்டும் என்றும் இல்லை, அந்த டீம் லீடையும் மாற்றலாம்.

ஒரு தோழி சொல்லி அவள் எழுத்தில் புகார் கொடுத்தாள். மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. காரணம் இருந்தால் கமிட்டி இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். கடைசி மெசேஜ் கணக்குக்குள் இருந்தது. கம்பெனி தரப்பில் முதல் வாதமே, வண்டி வாடகைக்காரருடையது, அது அலுவலகம் ஆகாது என்பதுதான். வேலை கொடுப்பவர் ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடம்தான் என்று சட்டத்தில் வெட்டவெளிச்சமாக இருக்கிறது. அந்த வரியைப் படித்துக் காட்டியதும் பேச்சு நின்றது.

டீம் லீட் எல்லாவற்றையும் மறுத்தார். மெசேஜ்கள் “ஜாலிக்காக” என்றார். வண்டியில் கேமரா இருந்தது, ஆனால் பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும், நாங்கள் கேட்டபோது ஒன்றும் இல்லை. கையில் கிடைத்தது டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கின் பழைய பட்டியல். அவர் வீடு வேளச்சேரியில். வேளச்சேரிக்காரன் வண்டலூர் வண்டியில் ஏறுவானேன்? இறங்கும் இடத்தை மாற்றச் சொல்லி அவரே மெயில் போட்டிருக்கிறார், அவளுக்கு நைட் போட்ட வாரங்களில் மட்டும். அவள் ரோஸ்டரையும் அவர் கோரிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். தாம்பரத்தில் சித்தப்பா வீடு என்றார். அவளுக்கு நைட் இல்லாத வாரத்தில் சித்தப்பா எங்கே போனார் என்று தலைவி கேட்டார், பதில் வரவில்லை. 90 நாளுக்குள் அறிக்கை கொடுத்தோம். அவருக்குச் சம்பள உயர்வு நிறுத்தம், வேறு பிரிவுக்கு மாற்றம். அவள் இழந்த இரவுப் படியை அவர் சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கவும் பரிந்துரைத்தோம். அவள் மறுபடி நைட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

இதனால்தான் ஒரு கம்பெனியை எடைபோட, புகார் கொடுத்தவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று முதலில் பார்ப்பேன். “எங்களிடம் புகாரே வந்ததில்லை” என்று பெருமையாகச் சொன்னால், அதுவும் ஆயிரக்கணக்கில் பெண்கள் இருக்கிற இடத்தில் சொன்னால், எனக்கு வயிற்றைக் கலக்கும். அங்கே யாரும் கமிட்டியை நம்பவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். கேன்டீன் பக்கம் ஒட்டியிருக்கும் கமிட்டிப் பட்டியலை பாப்பா ஒரு தடவை நின்று படிக்கட்டும். அதில் வேலையை விட்டுப்போனவர் பெயர் இருக்கிறதா? வெளி உறுப்பினர், கம்பெனிக்கே மற்ற வழக்குகளை நடத்துகிற வக்கீலா? பட்டியல் சென்னை ஆபீசுக்கா, இல்லை எங்கோ தலைமையகத்துக்கா? ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

அவளுக்கு நீ பயத்தை ஊட்டாதே. ராத்திரி இரண்டு மணிக்குப் போன் போட்டு “சாப்பிட்டியா” என்று கேட்கவும் வேண்டாம், நீ ஹாஸ்டலில் எனக்குச் செய்தது போதும். ஏதாவது மெசேஜ் வந்தால் அழிக்காமல் வைக்கச் சொல். வண்டியில் ஏதாவது நடந்தால் கேமரா பதிவை எடுத்து வைக்கும்படி அன்றைக்கே மெயில் போடச் சொல். அவள் எழுத வேண்டியது இரண்டே வரிதான்.

அந்தச் சம்மதத்தாளைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல். முதல் வாரம் என் வீட்டில் தங்கட்டும், மாடி அறை காலிதான். அண்ணாச்சியிடம் ஒரு முறை எடுத்துச் சொல், மசியவில்லை என்றால் நானே பேசுகிறேன்.

அன்புடன்,
மல்லிகா