ஞாயிறு மாலை ஏழு மணி

கெம்னிட்ஸ், ஜெர்மனி
பிப்ரவரி 22, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

மகன் எழுதுவது. நலம், தங்கள் நலம் அறிய ஆவல். ஜனவரி 31 அன்று தாங்கள் எழுதிய கடிதம் வியாழக்கிழமைதான் கைக்கு வந்தது. காகிதத்தின் மடிப்பில் வைத்திருந்த கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணில் ஒரு சிட்டிகையை நெற்றியில் இட்டுக்கொண்டு, மிச்சத்தைப் பொட்டலமாக மடித்து மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். பொங்கலுக்குப் பிறகு நான் ஒரு கடிதமும் எழுதவில்லை. போனில் பேசும்போது பெரியத்தையும் தம்பியும் பக்கத்தில் இருப்பதால், சாப்பிட்டேன், நன்றாக இருக்கிறேன் என்பதற்கு மேல் சொல்ல முடிவதில்லை. தாங்கள் கேட்டிருக்கும் கேள்விக்கு எழுத்தில்தான் பதில் சொல்ல வேண்டும்.

ராஜபாளையத்துப் பெண்ணின் தாயார் சின்ன மாமாவிடம், "மாப்பிள்ளைக்கு விருப்பமில்லை என்றால் நேராகச் சொல்லிவிடுங்கள்" என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். விருப்பம் நிறையவே இருக்கிறது, அம்மா. தவறு நான் எழுதிய ஒரு வரியில் இருந்தது. ஜனவரி 25 இரவு, தேர்வுக்கால அட்டவணையைப் பார்த்த பயத்தில், "பரீட்சை முடியட்டும், பிறகு பேசலாம்" என்று மட்டும் அந்தப் பெண்ணுக்கு அனுப்பிவிட்டேன். நம் பக்கத்தில் ஒரு சம்பந்தத்தை மனம் நோகாமல் தட்டிக்கழிக்க நினைப்பவர்களும் இதையேதான் சொல்வார்கள். அத்தானுக்குப் பார்த்த முதல் இடத்தில் "பையனுக்குப் பரீட்சை முடியட்டும்" என்று சொன்னதற்கு என்ன பொருள் என்று நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதுவரை நாங்கள் ஐந்து முறைதான் பேசியிருந்தோம். அவ்வளவு சிறிய பழக்கத்தில், தேதி இல்லாத ஒரு "பிறகு" வந்தால் யாருமே அதை மறுப்பு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். போதாததற்கு, வகுப்புத் தோழர்களின் குழுவில் கணக்குகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டு நள்ளிரவு வரை நான் வாட்ஸ்அப்பில் இருந்ததும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எல்லோரிடமும் பேச நேரமிருக்கிறது, நம்மிடம் மட்டும் இல்லை என்று அவர் நினைத்ததில் பிழை எதுவும் இல்லை.

இதை எப்படிச் சரிசெய்வது என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது கீழ்வீட்டுப் பாட்டியம்மாதான். ஞாயிற்றுக்கிழமையில் கண்ணாடிப் புட்டிகளைத் தொட்டியில் போட்டால் சத்தம் கேட்கும் என்று என்னைக் கண்டித்தாரே, அவர்தான். டிசம்பரில் தங்கை வீட்டுக்குப் போகும்போது கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார். ஜனவரி 6 வரை ஊரில் இருக்க மாட்டேன், பூச்செடிகளுக்கு மூன்றாம் மாடிக்காரர் தண்ணீர் ஊற்றுவார், உங்கள் பார்சல்களை 7ஆம் தேதி காலை முதல் மீண்டும் வாங்கி வைப்பேன் என்று நீல மையில் எழுதியிருந்தது. 7ஆம் தேதி காலை எட்டு மணிக்கு மணியடித்து, வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டும் போனார். பதினெட்டு நாள் அவர் இல்லாதபோதும் அந்தக் கதவு பூட்டிய வீடாக யாருக்கும் தோன்றவில்லை.

ஆகவே பிப்ரவரி 1 அன்று ராஜபாளையத்துப் பெண்ணை அழைத்து, முதலில் அந்த வரிக்காக மன்னிப்புக் கேட்டேன். பிறகு என் நான்கு தேர்வுகளின் தேதிகளையும் சொன்னேன்: பிப்ரவரி 9, 16, 25, கடைசியாக மார்ச் 10. அந்தக் கடைசித் தேர்வைப் பற்றித் தங்களிடமும் இப்போதுதான் சொல்கிறேன். சென்ற ஜூலையில் அந்தப் பாடத்தில் தவறிவிட்டேன். இது இரண்டாம் முறை. எங்கள் படிப்பில் ஒரு பாடத்தை மூன்று முறைதான் எழுதலாம், மூன்றாவதிலும் தவறினால் படிப்பே போய்விடும். காரணத்தை முழுமையாகச் சொன்ன பிறகு அவர் குரலே மாறிவிட்டது. "இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நானே பேச வேண்டாம் என்றிருப்பேனே" என்றார்.

மார்ச் 10 வரை முழு மௌனம் என்று நான் முதலில் கேட்டேன். அது ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும் என்று அவர் ஒப்பவில்லை, அவர் சொன்னதுதான் சரி. பல வருடப் பழக்கம் ஐந்து வார மௌனத்தைத் தாங்கும், ஒரு மாதப் பழக்கம் தாங்காது. ஞாயிறுதோறும் நம் ஊர் நேரம் மாலை ஏழு மணிக்கு, இங்கே பிற்பகல் இரண்டரைக்கு, பத்து நிமிடம் மட்டும் பேசுவது என்று வைத்துக்கொண்டோம். மறுநாளே தேர்வு இருக்கும் ஞாயிறுகளில் பேச்சும் இல்லை, ஒரு குரல்பதிவு மட்டும் அனுப்பினால் போதும். மற்ற நாட்களில் யார் எதை அனுப்பினாலும் பதிலை எதிர்பார்ப்பதில்லை. சென்ற வாரம் அவர் வாசல் கோலத்தைப் படம் எடுத்து, "பதில் வேண்டாம்" என்று எழுதி அனுப்பியிருந்தார். அந்த இரண்டு சொற்களால் எனக்கு எவ்வளவு நிம்மதி கிடைத்தது என்று சொல்லி முடியாது.

அவருக்கும் ஒரு நெருக்கடி வருகிறது. வங்கியில் மார்ச் பாதிக்கு மேல் ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலை. ஏப்ரல் 1 அன்று வாடிக்கையாளருக்குக் கதவு திறக்காவிட்டாலும் ஊழியர்களுக்கு வேலை உண்டாம். என் தேர்வும் அவருடைய கணக்கு முடிப்பும் ஒட்டிக்கொண்டால் இரண்டு மாதம் கையைவிட்டுப் போய்விடும் என்பதால், மார்ச் 11 முதல் 14 வரை நான்கு நாளை இருவரும் ஒதுக்கியிருக்கிறோம். 11ஆம் தேதி நான்தான் அழைக்க வேண்டும், அதில் மாற்றமில்லை. அதன் பிறகு ஏப்ரல் 5 வரை அவருக்குப் பேச்சிலிருந்து ஓய்வு. அப்போது பதிலை எதிர்பாராமல் இருப்பது என் முறை. (மார்ச் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள். அன்று முதல் நம் ஊர் ஏழு மணி எனக்கு மூன்றரை.)

திரும்பிப் பேசும்போது புதிதாகத் தொடங்குவது போலாகிவிடக் கூடாது என்று, அவர் சொன்ன மூன்று செய்திகளைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பிப்ரவரி 20 அன்று அவர் அப்பாவுக்குக் கண்புரை அறுவை. மே மாதத்தில் அவருக்கு வங்கித் தேர்வு. அவருடைய சித்தி மகளின் வளைகாப்பு. இன்று அழைத்தவுடன் முதலில் கண்ணைப் பற்றித்தான் கேட்டேன். கட்டுப் பிரித்துவிட்டார்களாம், நன்றாகத் தெரிகிறதாம். ஒருவேளை ஒரு தேர்வின் தேதி தள்ளிப்போனால், அன்றே புதிய தேதியைச் சொல்லிவிடுவேன். அப்படி இரண்டாம் முறையும் தள்ள நேர்ந்தால், அவரைக் காத்திருக்கச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்று வெளிப்படையாகப் பேசிவிடுவதாகவும் சொல்லியிருக்கிறேன்.

தங்களிடம் கேட்பது ஒன்றுதான். சின்ன மாமா நாள்விட்டு நாள் அவர்கள் வீட்டுக்கு போன் செய்து "என்ன முடிவு" என்று கேட்க வேண்டாம். தாங்களே ஒருமுறை அந்த அம்மாவிடம் பேசி, பையன் மார்ச் 11 அன்று அழைப்பான், ஏப்ரலில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசலாம் என்று இந்த இரண்டு தேதிகளையும் சொல்லிவிடுங்கள்.

எனக்குப் பணத்துக்கு ஒரு குறையும் இல்லை, எதுவும் அனுப்ப வேண்டாம். தேர்வுக்காகச் சனிக்கிழமை வேலையை மட்டும் இந்த மாதம் நிறுத்தியிருக்கிறேன். பருப்பும் அரிசியும் இருக்கின்றன. குளிருக்கு அண்ணி பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டை போதுமாக இருக்கிறது. நேற்று தாங்கள் கொடுத்தனுப்பிய புளியில் கடைசி உருண்டையைக் கரைத்து ரசம் வைத்தேன். கொதி வரும்போது நம் பின்கட்டும், தாங்கள் அடுப்பின் முன் குனிந்து ஊதுவதும் அப்படியே கண்முன் வந்துவிட்டன. ரசத்தை இறக்கி வைத்துவிட்டு வெகுநேரம் சாப்பிட உட்காரவில்லை.

மேலக்காட்டுக் கிணற்று மோட்டாருக்குச் சுருள் கட்ட எவ்வளவு ஆனது என்று தம்பியை எழுதச் சொல்லுங்கள். கந்தாயத்தை மார்ச் முடிவதற்குள் கட்டிவிட வேண்டும், ரசீதை மஞ்சள் பையிலேயே வையுங்கள். பெரியத்தை மகள் சீருக்கு நம் பங்கை நான் ஏப்ரலில் அனுப்புகிறேன், அதற்காகச் செவலையின் கன்றை விற்க வேண்டாம்.

தங்கள் அன்பு மகன்