சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு, திருநகரில் நிற்கும் அவன் வண்டியைப் பற்றி

திருநகர், மதுரை

அன்புள்ள செந்திலுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். தொலைபேசியில் சொன்னால் நீ பாதியிலேயே "சரிப்பா, பார்த்துக்கலாம்" என்று முடித்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உன் மோட்டார் சைக்கிளைத் துடைக்கலாம் என்று உறையை எடுத்தேன். பொங்கலன்று பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றியபோது மீட்டரில் இருந்த 18,412 என்ற எண்ணைக் காலண்டரின் ஓரத்தில் குறித்து வைத்திருந்தேன். இப்போது அது 18,569 என்று காட்டியது. நான் அந்த வண்டியை ஓட்டியதில்லை, அம்மா தொடப்போவதும் இல்லை. மாலையில் அக்கா வீட்டிலிருந்து கதிர் வந்தான். கேட்டதும் அவன் ஒளிக்கவில்லை. தன் போனை எடுத்து நீ அனுப்பிய குரல் செய்தியைப் போட்டுக் காட்டினான். "எடுத்துக்கடா, டியூஷனுக்கு மட்டும், பார்த்து ஓட்டு, தாத்தாகிட்ட சொல்லாத." பன்னிரண்டு விநாடிதான்.

கோபத்தில் எழுதவில்லை. மருமகன் மேல் உனக்கு இருக்கும் பிரியம் எனக்குத் தெரியும். ஆனால் முப்பது வருடம் வக்கீல் குமாஸ்தாவாக விபத்து வழக்குக் கட்டுகளைச் சுமந்தவன் என்ற முறையில், அந்தப் பன்னிரண்டு விநாடி உனக்கு என்ன செய்யக்கூடும் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

மாப்பிள்ளையிடம் பேசியபோது அவர் சிரித்தார். 2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய கார் மோதி இருவர் இறந்தபோது, 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொல்லிப் பையனை ஜாமீனில் விட்டார்களே, அதை நினைவுபடுத்தினார். அந்த உத்தரவு சில நாளிலேயே மாற்றப்பட்டு, பையன் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்டதை அவர் கவனிக்கவில்லை. அதைவிட முக்கியமாக, அந்தக் கட்டுரை உத்தரவு பையனைப் பற்றியது. அது அப்பனையும் வண்டியின் சொந்தக்காரனையும் பற்றியதன்று. பதினெட்டு வயது நிரம்பாதவனை இளைஞர் நீதிக் குழுமம் தனியாக விசாரிக்கும். பெரியவர்கள் மீதான வழக்கு வேறொரு நீதிமன்றத்தில், வேறொரு சட்டப் பிரிவில் நடக்கும்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின் மூலம் 199ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. சிறார் ஒருவர் அந்தச் சட்டத்தின்படி குற்றம் செய்தால், அவரது பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்தாகும். ஓட்டிய பையனுக்கு 25 வயது முடியும் வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. கதிருக்கு இப்போது பதினாறு, கணக்குப் போட்டுக்கொள். இங்கே உரிமையாளர் என்றால் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவர், அதாவது நீ. பாதுகாவலர் மாப்பிள்ளையும் அக்காவும். வண்டியைப் பொறுப்பில் வைத்திருக்கும் நானும் தப்ப முடியாது. உரிமம் இல்லாதவரை ஓட்ட விட்டதற்காக 180ஆம் பிரிவின்படி மூன்று மாதச் சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ, உரிமையாளருக்கு மட்டுமின்றி வண்டியைப் பொறுப்பில் வைத்திருப்பவருக்கும் உண்டு.

வழக்கமாகக் குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. 199ஏ பிரிவில் அது தலைகீழ். பெரியவர்களின் சம்மதத்துடன்தான் சிறார் வண்டியை எடுத்தார் என்று நீதிமன்றம் முதலிலேயே அனுமானித்துக்கொள்ளும். தப்பிக்க இரண்டு வாசல்தான் வைத்திருக்கிறார்கள்: எனக்குத் தெரியாமல் நடந்தது என்று காட்ட வேண்டும், அல்லது நடக்காமல் தடுக்கத் தக்க முயற்சி எல்லாம் எடுத்தேன் என்று காட்ட வேண்டும். நிரூபிக்கும் சுமை நம் தலையில். இப்போது உன் குரல் செய்தியை யோசித்துப் பார். முதல் வாசலை நீயே பூட்டிவிட்டாய். வாசற்படிக்குப் பக்கத்தில், காலண்டர் ஆணியில், எல்லோர் கைக்கும் எட்டும் உயரத்தில் சாவியைத் தொங்கவிட்டு இரண்டாவதை நான் பூட்டிவிட்டேன்.

பழகுநர் உரிமம் எடுத்துக் கொடுத்துவிடலாமே என்று நீ கேட்பாய். சிறார் தக்க உரிமம் பெற்று, அந்த உரிமத்துக்கு உட்பட்ட வண்டியை ஓட்டியிருந்தால் இந்தப் பிரிவு பொருந்தாது என்பது உண்மைதான். ஆனால் பதினாறு வயதில் கிடைப்பது 50 சி.சி.க்கு மிகாத, கியர் இல்லாத வண்டிக்கான உரிமம். அப்படிப்பட்ட வண்டியைத் திருநகரில் நான் பார்த்தே வருடக் கணக்காகிறது. உன் வண்டி 150 சி.சி.

சிறைத் தண்டனையைவிட என்னை அதிகம் பயமுறுத்துவது பணம். எங்கள் வக்கீல் ஐயா நடத்திய ஒரு வழக்கைப் பெயர் இல்லாமல் சொல்கிறேன். 2020இல் திருமங்கலம் பக்கத்தில், திருப்பூரில் வேலை பார்க்கும் மாமாவின் வண்டியை எடுத்துச் சென்ற 17 வயதுப் பையன், சாலையைக் கடந்த டீக்கடைக்காரர் மேல் மோதினான். அவருக்கு வயது 38. மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாய். மருத்துவமனையில் மூன்றாம் நாள் இறந்துவிட்டார். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு வந்தபோது முதல் எதிர்மனுதாரர் அந்த மாமா. இரண்டாவது இன்சூரன்ஸ் கம்பெனி. சம்மன் திருப்பூருக்குப் போனபோதுதான், ஓட்டாத தனக்கு இதில் என்ன வேலை என்று அவர் ஐயாவைத் தேடி வந்தார்.

கணக்கு எப்படி ஓடியது என்று பார். டீக்கடை வருமானம் மாதம் 15,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டது. சொந்தத் தொழில், நாற்பது வயதுக்குக் கீழே என்பதால் எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் 21,000. நான்கு பேர் அவரை நம்பியிருந்ததால், அவருடைய சொந்தச் செலவாக நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. அந்த வயதுக்குரிய பெருக்கல் எண் 15. ஆக 28,35,000 ரூபாய். துணையை இழந்தது, தந்தையை இழந்தது, மகனை இழந்தது, ஈமச் செலவு என்று மேலும் இரண்டு லட்சத்துக்குச் சற்று அதிகம். மனுப் போட்ட நாளிலிருந்து 7.5 சதவீத வட்டி. தீர்ப்பு வர நான்கு வருடம் ஆனதால் வட்டியே ஒன்பது லட்சத்தைத் தொட்டது. டீக்கடைக்காரர் ஒருவர் நாற்பது லட்சம் பெறுவாரா என்று மாமா ஐயாவிடம் கேட்டார். ஐயா பதில் சொல்லவில்லை. எனக்கு அந்த ஆளின் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பாலிசிதான் உயிரோடு இருக்கிறதே என்று நீ சொல்வாய். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஓட்டியவருக்கு உரிமம் இல்லை என்பதைக் கம்பெனி பள்ளிச் சான்றிதழை வைத்தே காட்டிவிடும், ஏனெனில் பிறந்த தேதி தெரிந்தால் உரிமம் இருக்க வழியில்லை என்பது தெரிந்துவிடும். பாதிக்கப்பட்ட குடும்பம் தெருவில் நிற்கக்கூடாது என்பதற்காக, நீதிமன்றங்கள் இப்படிப்பட்ட வழக்குகளில் பெரும்பாலும் கம்பெனியை முதலில் பணம் கட்டச் சொல்லி, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்கின்றன. கோர்ட்டில் இதை 'பே அண்ட் ரெகவரி' என்றே சொல்வோம். வசூலிக்கக் கம்பெனி தனியாக வழக்குப் போட வேண்டியதுகூட இல்லை. அதே தீர்ப்பை வைத்து நிறைவேற்று மனுப் போட்டால் போதும். அந்த மாமா திருமங்கலத்தில் வாங்கிப் போட்டிருந்த நாலு சென்ட் மனைக்கு ஜப்தி உத்தரவு வந்தது அப்படித்தான். அவருடைய வக்காலத்தில் கையெழுத்து வாங்கியவன் நான்.

எனக்குத் தெரியாமல் சாவியை எடுத்துவிட்டான் என்று அவரும் வாதாடினார். ஜவஹர் சிங் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றத்தின் முன் இதே வாதம் வைக்கப்பட்டது. அங்கேயும் உறவுக்காரச் சிறுவன் சாவியை எடுத்துப் போனான் என்பதுதான் உரிமையாளரின் கதை. தன் வண்டி தவறாகப் பயன்படுத்தப்படாமல், அதிலும் உரிமம் இல்லாத சிறுவன் கையில் சிக்காமல் பார்த்துக்கொள்வது உரிமையாளரின் பொறுப்பு என்று சொல்லி, கம்பெனிக்கு வசூல் உரிமை கொடுத்ததை நீதிமன்றம் உறுதி செய்தது. குற்ற வழக்கில் ஓரளவு உதவக்கூடிய 'தெரியாது' என்ற சொல், இழப்பீட்டு வழக்கில் அந்த அளவுக்கு உதவாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாப்பிள்ளை அதை ஒரு வழியாகவே சொன்னார்: ஏதாவது ஆனால் நான்தான் ஓட்டினேன் என்று சொல்லிவிடுவாராம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விழுந்தவன் கையிலும் காலிலும் சிராய்ப்பு இருக்கும். அரசு மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் அவன் பெயரும் வயதும் ஏறும். பெட்ரோல் பங்க் கேமராவில் அவன் முகம் இருக்கும். ஒரு வழக்கு இரண்டாகும், அவ்வளவுதான்.

சாவி இப்போது பீரோவில், அம்மாவின் நகைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டேன். நீ செய்ய வேண்டியது இது. அந்தக் குரல் செய்தியை அழிக்க வேண்டாம். அழித்தது தெரிந்தால் அது வேறு கேள்விகளைக் கிளப்பும். கதிருக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே செய்தியாக, முன்பு கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறுகிறேன், பதினெட்டு முடிந்து உரிமம் வாங்கும் வரை வண்டியைத் தொடக் கூடாது என்று எழுத்தில் அனுப்பு. எனக்கும் ஒரு பிரதி வை. கதிர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். டியூஷனுக்கு நானே டவுன் பஸ்ஸில் கூட்டிப் போகிறேன்.

வண்டியை விற்றுவிடலாம் என்று நீ முன்பு சொன்னாய். விற்பதானால் படிவம் 29, 30இல் கையெழுத்துப் போட்டு என்னிடம் அனுப்பிவிட்டு மறந்துவிடாதே. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாறும் வரை, வண்டி யார் வீட்டில் நின்றாலும் சட்டத்துக்கு உரிமையாளர் நீதான். 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சித்திரைத் திருவிழாவுக்கு நீ வரும்போது, வாங்குபவரையும் அழைத்துக்கொண்டு நாமே நேரில் போய் மாற்றிவிடலாம். அதுவரை பாலிசி காலாவதியாகாமல் இருக்க வேண்டும். அது அடுத்த மாதம் 14ஆம் தேதி முடிகிறது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போதும், பிரீமியத்தை இந்த வாரமே கட்டி ரசீதை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா