வினிகருக்கு அனிசாக்கிஸ் சாகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் ஸ்பெயின் பயணக் கட்டுரையோடு வினிகர் நெத்திலிக்குச் செய்முறையும் தந்திருந்தீர்கள். மீனைக் கழுவி, முள்ளெடுத்து, ஓர் இரவு வினிகரில் ஊறவைத்துப் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்க்கச் சொல்கிறது குறிப்பு. மாட்ரிட்டில் குடியிருக்கும் எனக்கு அதைப் படித்ததும் பகீரென்றது. மீனை முதலில் உறையவைக்க வேண்டும் என்ற வரியையே காணோம்.

கடல்மீன்களின் குடலிலும் சதையிலும் அனிசாக்கிஸ் என்ற புழுவின் இளம்பருவம் சுருண்டு கிடக்கும். நீட்டினால் இரண்டு, மூன்று சென்டிமீட்டர். திமிங்கிலம், டால்பின்களின் வயிற்றில்தான் அது முழுப் புழுவாக வளரும். மனித வயிற்றில் வளராது. ஆனால் இரைப்பைச் சுவரைத் துளைக்கும். வினிகர் பட்டதும் மீன் வெளுத்து, வெந்ததுபோல் தோன்றுகிறது. புழு அதில் பல நாள் உயிரோடிருக்கும். எலுமிச்சைச் சாறும் அதைக் கொல்லாது.

என்னோடு வேலை செய்யும் ஸ்பானியப் பெண் ஒருவர் இப்படி வீட்டில் செய்து இரவு உணவில் சாப்பிட்டார். நள்ளிரவில் மேல்வயிற்றில் சுருட்டிப் பிடித்த வலி, வாந்தி. வாய்வு என்றுதான் முதலில் நினைத்தார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று மருத்துவர் கேட்ட பிறகே எண்டோஸ்கோப்பி செய்து, இரைப்பைச் சுவரில் தலையைச் செருகியிருந்த புழுவை இடுக்கியால் எடுத்தார்கள். வலி அன்றே அடங்கிவிட்டது. புழு குடலுக்கு இறங்கிவிட்டால் வலி சில நாள் கழித்தும் வரலாம். குடல்வால் அழற்சி என்று தவறாக எண்ணி அறுவை செய்ததும் உண்டு.

சிலருக்கு வயிற்றுவலியே இராது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் உடலெங்கும் தடிப்பும் அரிப்பும் வரும். அரிதாக மூச்சுத்திணறி ரத்த அழுத்தம் சரியும். மீனே ஒவ்வாது என்று இவர்கள் நினைத்துவிடுவார்கள். உண்மையில் ஒவ்வாதது புழுவின் புரதமாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனை அதற்கு வழிகாட்டும். அப்புரதங்களில் சில வெப்பத்தையும் குளிரையும் தாங்குபவை. அதனால் ஒவ்வாமை வந்தவருக்குச் செத்த புழுவாலும் தொல்லை வரலாம். அவர் மருத்துவரைக் கேட்காமல் மீனைத் தொடக்கூடாது.

மற்றவர்களுக்கு உறையவைத்தலே காவல். பச்சையாகவோ ஊறவைத்தோ மீன் பரிமாறும் உணவகங்கள் அதை முன்கூட்டியே உறையவைக்க வேண்டும் என்று ஸ்பெயினில் 2006 முதல் சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய விதிப்படி, மீனின் நடுப்பகுதி வரை மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம். வீட்டு ஃப்ரீசர் மெதுவாகத்தான் குளிர்விக்கும் என்பதால் இங்கே ஐந்து நாள் வைக்கச் சொல்கிறார்கள். ஃப்ரீசர் கதவில் நட்சத்திரக் குறி இருக்கும். ஒன்றோ இரண்டோ மட்டும் இருந்தால் அது மைனஸ் 6, மைனஸ் 12 வரைதான் போகும். அதை நம்பாதீர்கள். மீன் வாங்கியதும் குடலை நீக்கிவிடுங்கள். தாமதித்தால் புழு சதைக்குள் ஊர்ந்துவிடக்கூடும்.

நெத்திலிக் குழம்பும் வறுவலும் உண்பவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. உள்வரை 60 டிகிரி சூட்டில் ஒரு நிமிடம் வெந்தால் புழு செத்துவிடும். அடுத்த இதழில் அந்தச் செய்முறைக்குத் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

— மாட்ரிட் வாசகி