கணேசனின் ஞாயிறு இரவு

அன்புள்ள குணா,

உன் கடிதம் கிடைத்தது. ஜொகூரில் வீடு மாறிய செய்தி சந்தோஷம். பகாவ் பக்கம் பெரிய மாற்றம் எதுவும் இல்லை, மழை மட்டும் விடாமல் பெய்கிறது, செம்பனைக் குலை லாரி லாரியாக வந்து ஆலை வாசலில் நிற்கிறது. போன மாதம் நம்ம கணேசனுக்கும் எனக்கும் நடந்த ஒன்றை உனக்கு விரிவாகவே எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

கணேசனின் அத்தையைப் பற்றி அவன் அப்பா சொல்லிக் கேட்டிருப்பாய். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று வந்தபோது, சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் எத்தனையோ பேர் தோட்டத்தை விட்டுக் கப்பல் ஏறினார்களே, அதில் இவர்கள் குடும்பமும் ஒன்று. தாத்தா, பாட்டி, அத்தை மூவருக்கும் சிவப்பு அட்டை. கணேசன் அப்பா மட்டும் 1958இல், சுதந்திரத்துக்குப் பிறகு பிறந்ததால் குடிமகன். பையனாவது இங்கே பிழைக்கட்டும் என்று தாய்மாமன் வீட்டில் விட்டுவிட்டு மற்றவர்கள் பினாங்கில் ரஜுலா கப்பல் ஏறி நாகப்பட்டினம் போய்விட்டார்கள். அப்போது அத்தைக்குப் பதினேழு வயது. கொஞ்ச காலம் கடிதம் வந்தது, அப்புறம் அதுவும் குறைந்தது. 1985இல் சிதம்பரம் கப்பல் தீப்பிடித்து அந்தக் கடல் வழியும் நின்று போனது. விமான டிக்கெட் எடுக்க இரண்டு பக்கமும் வசதி இல்லை. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு முப்பது நாள் விசா தேவையில்லை என்று அறிவித்த பிறகுதான் அத்தையின் மகள் பாஸ்போர்ட் எடுக்க முனைந்தாள். அக்காவும் தம்பியும் பார்த்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது குணா.

சரி, எங்கள் வேலைக்கு வருகிறேன். அத்தை சனிக்கிழமை சுங்கைப்பட்டாணி வந்து சேருகிறார், ஞாயிறு சொந்தம் முழுக்க அங்கே கூடுகிறது. ஞாயிறு பகலில் ஆலை நிற்கும், ஆனால் மாலை ஏழு மணிக்குக் கணேசன் பாய்லர் அறையில் இருக்க வேண்டும், திங்கள் காலை குலை அவிக்க நீராவி தயாராக இருக்க வேண்டுமே. அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் கிளம்பி வந்துவிடுவேன் என்றான். இங்கிருந்து அது ஐந்தாறு மணி நேர ஓட்டம், வந்ததும் விடிய விடிய அடுப்பைப் பார்க்க வேண்டும். அத்தையோடு அரை நாள் கூட உட்கார முடியாது, அரைத் தூக்கத்தில் பாய்லர் முன்னால் நிற்பதும் ஆபத்து.

பயர்மேன் பையன் ஒருவன் இருக்கிறான், அடுப்பு வேலை எல்லாம் தெரியும், அவனை நிறுத்தலாமே என்று நீ கேட்கலாம். முடியாது. பாய்லர் ஓடும் ஒவ்வொரு ஷிப்டிலும் அதன் அளவுக்கேற்ற கிரேடு சான்றிதழ் உள்ள ஆள் பொறுப்பில் இருக்க வேண்டும். எங்கள் ஆலையில் அப்படி மூன்று பேர்தான், நான், கணேசன், ஓய்வு நாள்களில் மாற்றாக வரும் அஸ்மி. சான்றிதழ் இருந்தாலும் இரவு ஷிப்ட் முடித்த கையோடு நானே திங்கள் பகலையும் பார்க்க முடியாது, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு நாளில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம்.

ரோஸ்டரை எடுத்துப் பார்த்தபோது வழி தெரிந்தது. திங்கட்கிழமை என் ஓய்வு நாள், அன்று பகலுக்கு அஸ்மி பெயர் ஏற்கனவே இருந்தது. ஞாயிறு பகல் நான் தூங்கிவிட்டு இரவு கணேசனுக்குப் பதிலாக நின்று, திங்கள் காலை ஏழுக்கு அஸ்மியிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். கணேசன் திங்கள் காலை நிதானமாகக் கிளம்பி வந்து, கொஞ்சம் தூங்கி எழுந்து, தன் வழக்கமான திங்கள் இரவுக்கு நிற்கலாம். பதிலுக்கு அவன் ஓய்வு நாள் ஒன்றில் எனக்காக வேலை செய்ய வேண்டும். இதை வாய்ப்பேச்சோடு விடவில்லை, இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, இன்ஜினியரிடம் ஒப்புதல் வாங்கி, ரோஸ்டரிலும் பெயரை மாற்றினோம். அங்கே அவன் பெயர் இருந்து எனக்கு அடிபட்டால் தொழிலாளர் காப்புறுதியான பெர்கேசோவில் யார் வேலையில் இருந்தது என்று இழுபறி ஆகிவிடும்.

வெள்ளி இரவு ஷிப்டை முடித்துவிட்டு, சனி காலை லாக் புத்தகத்தில் கணேசன் ஒரு பக்கம் முழுக்க எனக்காக எழுதி வைத்திருந்தான். அதில் ஒரு வரிக்கு அடிக்கோடு: "இடது பக்கத் தண்ணிக் கண்ணாடியை நம்பாதே, இரண்டு தடவை ஊதிப் பார்." பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு என்று காட்டுவது அந்தக் கண்ணாடிக் குழாய்தான். அதற்குப் போகும் சின்ன வழியில் கசடு அடைத்துக்கொண்டால், உள்ளே தண்ணீர் இறங்கினாலும் கண்ணாடியில் பழைய மட்டமே நிற்கும், குழாய்கள் காய்ந்து பழுக்கிற வரை வெளியே தெரியாது. ஞாயிறு இரவு தீ மூட்டுவதற்கு முன் வடிகால் குழாயைத் திறந்து மூடினேன். வலது கண்ணாடியில் தண்ணீர் சட்டென்று ஏறியது. இடதில் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. இரண்டாவது தடவை ஊதியதும் கறுப்பாகக் கசடு விழுந்தது, அதன் பிறகு இரண்டும் ஒரே மட்டத்தில் நின்றன. அவன் எழுதாமல் போயிருந்தால் முதல் தடவையோடு விட்டிருப்பேனோ என்னவோ.

அப்புறம் மழை. எங்கள் பாய்லருக்கு விறகு, பழம் பிழிந்த நாரும் கொட்டை ஓடும்தான். கொட்டகை ஒழுகி நார் நனைந்திருந்தது. ஈர நாரைப் போட்டால் புகைபோக்கியில் கறுப்புப் புகை வரும், அழுத்த முள் ஏறாது. அவசரப்பட்டு நிறையத் திணித்தால் காற்று போகாமல் தீ இன்னும் மட்டுப்படும். பயர்மேனும் நானும் உள்பக்கத்திலிருந்து காய்ந்த கொட்டை ஓடுகளைச் சுமந்து வந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். புகை வெளுத்தது, முள் நகர்ந்தது. ஏழு மணிக்கு அஸ்மி வரும்போது போதுமான நீராவி இருந்தது.

அதே ஞாயிறு சாயங்காலம், பழைய திட்டப்படி கணேசன் பாதி வழியில் இருந்திருக்க வேண்டிய நேரத்தில், அத்தை தான் பிறந்த தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கணேசன்தான் காரில் அத்தையையும் அப்பாவையும் கூட்டிப் போயிருக்கிறான். பால்மரம் ஒன்று கூட இல்லை, எல்லாம் செம்பனை. லயன் வீடுகளும் போய்விட்டன, மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. அத்தை கோயிலிலிருந்து கையால் திசை காட்டி, இங்கே தண்ணிக் குழாய், அங்கே ஸ்டோர், அதற்கு அடுத்தது நம் வீடு என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார். தன் வீடு எங்கே இருந்தது என்று கணேசன் அப்பாவுக்கே அன்றைக்குத்தான் சரியாகப் பிடிபட்டதாம். கப்பல் ஏறிய அன்று தம்பியிடம் சொல்லாமல் போனதற்காக அத்தை அழுதாராம், அவன் அழுவான் என்று அம்மா சொல்ல விடவில்லையாம். இதைச் சொல்லும்போது கணேசனால் பேச முடியவில்லை. எனக்கும்தான்.

அத்தை ஊர் திரும்புவதற்கு முன் கணேசன் அவரை இங்கேயும் ஒருநாள் அழைத்து வந்தான். என் வீட்டில்தான் சாப்பாடு. உன் அம்மா ஊர் அவருக்கும் பக்கத்து ஊராம், உன்னை விசாரித்தார்.

கணேசன் எனக்குத் தர வேண்டிய நாளை நான் இன்னும் எடுக்கவில்லை. நீ பகாவ் வரும்போது எடுக்கலாம் என்று வைத்திருக்கிறேன். அடுத்த மாத ரோஸ்டர் இருபத்தைந்தாம் தேதி போடுவார்கள், அதற்குள் நீ வரும் நாளைச் சொல்.

அன்புடன்,
ராஜன்